‘கவனமாக இருக்கவும்’ என்று மூட முடியாதபடி ஒரு நியர் மிஸ் ரிப்போர்ட்

கேள்வி: ஒரு பிளாண்டில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறேன். மேல் மேடையில் வேலை செய்தபோது பைப் ரெஞ்ச் ஒன்று கீழே நடைபாதையில் விழுந்துவிட்டது. மேடை 7 மீட்டர் இருக்கும். மேடை விளிம்பில் பொருள்கள் கீழே விழாமல் தடுக்கும் தகடான டோ போர்டை, பைப் போவதற்காக எப்போதோ வெட்டியிருக்கிறார்கள், அந்தச் சந்து வழியாகத்தான் விழுந்தது. நான் எழுதிக் கொடுத்தது: “மேல் மேடையில் வேலை செய்தபோது மெக்கானிக்கின் கால் பட்டு ரெஞ்ச் தவறிக் கீழே விழுந்தது. கீழே யாரும் இல்லை. காயம் எதுவும் இல்லை.” அதை ‘கவனமாக வேலை செய்ய அறிவுறுத்தப்பட்டது’ என்று எழுதி மூடிவிட்டார்கள். சந்து அப்படியே இருக்கிறது. யார் தலையிலாவது விழுவதற்கு முன்னால் அதைச் சரிசெய்ய வைக்க எப்படி எழுத வேண்டும்? கூட வேலை செய்தவரை மாட்டிவிடவும் கூடாது.

பதில்:

நீங்கள் எழுதியதை வாங்கியவர் எப்படிப் படித்திருப்பார் என்று பாருங்கள். அதில் ஒரு மெக்கானிக் இருக்கிறார், அவருடைய கால் இருக்கிறது, ‘தவறி’ என்று ஒரு சொல் இருக்கிறது, கடைசியில் ‘காயம் எதுவும் இல்லை’ என்று ஒரு முடிவும் இருக்கிறது. எல்லாம் நடந்து முடிந்துவிட்டது, இனிச் செய்ய வேண்டிய வேலை என்று எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் ஃபார்மில் ‘எடுத்த நடவடிக்கை’ என்ற கட்டத்தை அவர் நிரப்பியாக வேண்டும். அவர் கையில் நீங்கள் கொடுத்தது ஒரு ஆளை மட்டும்தான். ஆளுக்குச் செய்ய முடிந்தது அறிவுரை சொல்வது, சொல்லிவிட்டார். டோ போர்டில் உள்ள சந்து உங்கள் கேள்வியில் இருக்கிறது, ரிப்போர்ட்டில் இல்லை.

இப்படி விபத்தாகாமல் மயிரிழையில் தப்பிய நியர் மிஸ் ரிப்போர்ட்களைப் படித்து முடிவெடுக்கும் வேலையில் இருப்பவன் நான். எது கையில் வந்தாலும் முதலில் தேடுவது ஒரே ஒரு வரியைத்தான்: எது இன்னும் அப்படியே இருக்கிறது? அந்த வரி இருந்தால் ரிப்போர்ட்டை மூடுவது கஷ்டம். மூட வேண்டுமென்றால் அந்தப் பொருளைப் போய் மாற்ற வேண்டும், அல்லது மாற்ற மாட்டேன் என்று தன் பெயரைப் போட்டு எழுத வேண்டும். இரண்டும் இல்லாமல் ‘அறிவுறுத்தப்பட்டது’ என்று எழுதினால், படிக்கிற யாருக்கும் அது பொருந்தாத பதில் என்று தெரிந்துவிடும். நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் அந்த வரியை எழுதுவதும், அதை யாரும் மறுக்க முடியாதபடி அளவுகளோடு நிறுத்துவதும்தான்.

எழுதுவதற்கு முன் மேடைக்குப் போங்கள்

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃபார்ம் எழுதுவதால் அன்றைக்கே யாரும் காப்பாற்றப்படுவதில்லை. விழுந்த உடனே செய்ய வேண்டியது வேலையை நிறுத்துவது, கீழே பாரிகேட் போடுவது, சூப்பர்வைசரிடம் வாயால் சொல்வது. சந்து இன்னும் திறந்திருக்கிறது என்கிறீர்கள், அப்படியானால் இதை இன்றைக்கும் செய்யலாம். பாரிகேடைச் சந்துக்கு நேர் கீழே மட்டும் போடாதீர்கள். விழும் பொருள் வழியில் பைப்பிலோ பீமிலோ பட்டால் பக்கவாட்டில் தெறிக்கும். இரண்டு பக்கமும் சில மீட்டர் விட்டு, நடப்பவர்களுக்கு வேறு வழியைக் காட்டிய பிறகு பேனாவை எடுங்கள்.

பிறகு ஒரு டேப்பையும் போனையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறுங்கள். சந்தின் நீளம் எவ்வளவு? அதில் பைப் அடைத்திருப்பது போக மிச்சம் எவ்வளவு? டோ போர்டின் உயரம் என்ன? சந்தின் குறுக்கே டேப்பை வைத்து, எண் தெரியும்படி ஒரு போட்டோ எடுங்கள். இன்னொன்றைக் கீழே நடைபாதையில் நின்று, அண்ணாந்து எடுங்கள். இரண்டாவது போட்டோதான் ஆபீசில் உட்கார்ந்திருப்பவரை அசைக்கும். மேலிருந்து பார்த்தால் அது ஒரு சின்ன ஓட்டை. கீழிருந்து பார்த்தால் அது நம் தலைக்கு நேர் மேலே இருக்கிறது.

ரெஞ்சைத் தராசில் வையுங்கள். ‘கனமான ரெஞ்ச்’ என்று எழுதினால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எடையை நினைத்துக்கொள்வார்கள். 18 அங்குல இரும்பு பைப் ரெஞ்ச் சுமார் 2.6 கிலோ வரும். உங்களுடையது எவ்வளவோ அதை எழுதுங்கள்.

அடுத்து, பெரும்பாலும் யாரும் செய்யாத ஒன்று. ஆள் நடமாட்டம் அதிகமாக இருக்கும் நேரத்தில் அரை மணி நேரம் ஒதுங்கி நின்று, அந்த வழியாக எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணுங்கள். பாரிகேட் போட்டிருந்தால், சுற்றிப் போகிறவர்களை எண்ணுங்கள். ‘அடிக்கடி ஆட்கள் போவார்கள்’ என்பது உங்கள் கருத்து. ‘ஷிஃப்ட் மாறும் அரை மணி நேரத்தில் 46 பேர்’ என்பது உண்மை நிலவரம். முதலாவதோடு யாரும் வாதாடலாம். இரண்டாவதை மறுக்க வேண்டுமென்றால் அவரே வந்து நின்று எண்ண வேண்டும்.

கடைசியாக, பழைய ஆட்களிடம் கேளுங்கள். இதற்கு முன் அங்கிருந்து ஏதாவது விழுந்திருக்கிறதா? கீழே காங்கிரீட்டில் பொளிந்த தடம் இருக்கிறதா? டோ போர்டை எந்த வேலைக்காக வெட்டினார்கள்? தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். ‘சென்ற ஆண்டு கான்ட்ராக்டர் வெட்டியதாகத் தெரிகிறது’ என்ற அரைகுறைத் தகவல் உள்ளே வந்தால், அடுத்த மூன்று வாரமும் யார் வெட்டியது என்ற பஞ்சாயத்திலேயே போய்விடும், சந்து அடைபடாது.

அதே சம்பவம், வேறு மாதிரி

உங்கள் நிகழ்ச்சியையே மாதிரிக்கு எழுதிக் காட்டுகிறேன். எண்கள் நான் போட்டவை. உங்கள் டேப்பும் தராசும் காட்டுவதை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

> தலைப்பு: பம்ப் பகுதி மேல் மேடை, தெற்கு விளிம்பில் டோ போர்டு இல்லாத சந்து; 2.6 கிலோ ரெஞ்ச் 7 மீட்டர் கீழே நடைபாதையில் விழுந்தது. சந்து இன்னும் திறந்திருக்கிறது.
>
> நடந்தது: பிற்பகல் 1:40 மணி. தெற்கு விளிம்பில் வால்வு ஃபிளாஞ்ச் கழற்றும் வேலை. பைப் ரெஞ்ச் மேடையின் கிரேட்டிங் தளத்தின் மேல் வைக்கப்பட்டிருந்தது. ஆள் திரும்பியபோது காலில் பட்டு நகர்ந்து, டோ போர்டு வெட்டப்பட்ட இடம் வழியாகக் கீழே விழுந்தது.
>
> இப்போதைய நிலை: 4 அங்குல பைப் ஏறுவதற்காக டோ போர்டு 40 செ.மீ. நீளத்துக்கு வெட்டப்பட்டிருக்கிறது. பைப் அடைத்திருப்பது சுமார் 11 செ.மீ. மீதி 29 செ.மீ. திறந்திருக்கிறது. மற்ற இடங்களில் டோ போர்டின் உயரம் 10 செ.மீ. (போட்டோ 1, 2)
>
> காயம் ஏற்படாததற்குக் காரணம்: அந்த நொடியில் கீழே ஆள் இல்லை. வேறு தடுப்பு எதுவும் இல்லை. பாரிகேட் போடப்படவில்லை. கருவிக்குக் கயிறு கட்டப்படவில்லை. கீழே இருப்பது உடை மாற்றும் அறைக்குப் போகும் வழி. மறுநாள் 1:45 முதல் 2:15 வரை, அந்த வழி அடைபட்டதால் சுற்றிப் போனவர்கள் 46 பேர்.
>
> ஆள் இருந்திருந்தால்: தலையில் பட்டால் ஹெல்மெட் இருந்தாலும் உயிரிழப்பு அல்லது நிரந்தர ஊனம். தோளில் பட்டால் எலும்பு முறிவு.
>
> உடனே செய்தது: வேலை நிறுத்தப்பட்டது. நடைபாதை இருபுறமும் அடைக்கப்பட்டு, வடக்குப் பக்கமாக வழி மாற்றப்பட்டது. சூப்பர்வைசரிடம் 1:50-க்குச் சொல்லப்பட்டது.
>
> கேட்பது: (1) சந்து அடைபடும் வரை பாரிகேட் அப்படியே இருக்க வேண்டும். (2) பைப்பைச் சுற்றி வெட்டிய டோ போர்டுத் துண்டு, அல்லது அதே பாதுகாப்பைத் தரும் வேறு ஏற்பாடு, 7 நாளுக்குள். (3) இந்த மேடையிலும் பக்கத்து இரண்டு மேடைகளிலும் இதேபோல் வெட்டிய இடங்கள் இருக்கின்றனவா என்று பார்த்துப் பட்டியல். பொறுப்பாளரின் பெயரும் தேதியும் தேவை.

ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். தலைப்பை மட்டும் படித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவருக்கும் விஷயம் தெரிந்துவிடும். ‘நியர் மிஸ் – ரெஞ்ச் விழுந்தது’ என்று தலைப்பு வைத்தால் அது மீட்டிங்கில் வாசிக்கப்படும் பட்டியலில் ஒரு வரியாகப் போய்விடும். இடமும் நிலையும் தலைப்பிலேயே இருந்தால், அந்த மேடைக்குப் பொறுப்பானவர் ‘இது என் ஏரியா’ என்று நிமிர்ந்து பார்ப்பார்.

இதில் இரண்டு பகுதிகளைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

காயம் ஏன் ஏற்படவில்லை என்ற பகுதி

பெரும்பாலான ஃபார்ம்களில் இந்தக் கேள்வியே கிடையாது. கட்டம் இல்லாவிட்டாலும் எழுதுங்கள். ஒரு ஆபத்துக்கும் மனிதனுக்கும் நடுவில் என்னென்ன தடுப்புகள் இருந்திருக்க வேண்டும், அவற்றில் எது வேலை செய்தது என்பதை இந்த ஒரு பகுதிதான் காட்டுகிறது.

ரெஞ்ச் விழுந்தும், கீழே பாரிகேட் ஒழுங்காக இருந்து, அதற்குள் யாரும் வராமல் இருந்ததால் தப்பினோம் என்றால் அது ஒரு மாதிரி. ஒரு தடுப்பு போனது, இன்னொன்று பிடித்துக்கொண்டது. உங்கள் விஷயத்தில் எந்தத் தடுப்பும் பிடிக்கவில்லை. ஆள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் விழுந்தது, அவ்வளவுதான். இரண்டு ரிப்போர்ட்டிலும் ‘காயம் இல்லை’ என்றுதான் இருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவதில் நம்மைக் காப்பாற்றியது கடிகாரம் மட்டுமே. இதை வெளிப்படையாக எழுதினால், ‘அதிர்ஷ்டவசமாக யாருக்கும் எதுவும் ஆகவில்லை’ என்று முடிக்க வந்தவர் அந்த அதிர்ஷ்டத்தையே பார்க்க வேண்டியிருக்கும்.

என்ன ஆகியிருக்கும் என்ற பகுதி

இங்கே இரண்டு பக்கமும் சறுக்கும். ஒருவர் ‘சிறு காயம் ஏற்பட்டிருக்கலாம்’ என்று அடக்கி வாசிப்பார். இன்னொருவர் ‘பலர் இறந்திருப்பார்கள்’ என்பார். முதலாவது வரிசையில் கடைசிக்குப் போய்விடும். இரண்டாவதை நம்ப மாட்டார்கள், அடுத்து நீங்கள் எழுதுவதையும் நம்ப மாட்டார்கள். நடக்கக்கூடியவற்றில் மோசமானது எது என்று ஒரு கணக்கோடு எழுதினால் இந்தச் சண்டையே வராது.

கணக்கு சின்னதுதான். 7 மீட்டரிலிருந்து விழும் பொருள் சுமார் 1.2 நொடியில் தரையைத் தொடும். அப்போது அதன் வேகம் நொடிக்கு 12 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதாவது மணிக்கு 42 கிலோமீட்டர். எடையை 9.81-ஆலும் உயரத்தாலும் பெருக்கினால் மோதும் ஆற்றல் கிடைக்கும்: 2.6 × 9.81 × 7, சுமார் 180 ஜூல். இந்த எண்ணைத் தனியாகச் சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. ஹெல்மெட்டின் பக்கத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். ஐரோப்பியத் தரமான இ.என். 397-இல் தொழிற்சாலை ஹெல்மெட்டின் அதிர்ச்சி தாங்கும் சோதனைக்கு 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து போடுகிறார்கள். அது 49 ஜூல். உங்கள் ரெஞ்ச் அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் ஆற்றலோடு வந்திருக்கிறது. ‘எல்லோரும் ஹெல்மெட் போட்டுத்தானே இருக்கிறார்கள்’ என்று மீட்டிங்கில் யாராவது சொல்வார்கள், சொல்லாமல் இருக்கவே மாட்டார்கள். அதற்கான பதில் ரிப்போர்ட்டில் முன்கூட்டியே இருக்கட்டும்.

1.2 நொடி என்பதையும் கவனியுங்கள். மேலிருப்பவர் விழுவதைப் பார்த்து ‘ஓடு’ என்று கத்தி, கீழிருப்பவர் அதைக் கேட்டு, நிமிர்ந்து பார்த்து நகர்வதற்கு அந்த நேரம் போதாது. சத்தம் கேட்டு நிமிர்ந்தால் முகத்தில் வாங்குவார். ஆகவே ‘கத்தி எச்சரிக்க வேண்டும்’ என்ற நடவடிக்கையும் இங்கே எடுபடாது.

உங்கள் ஃபார்மில் தீவிரம் என்று ஒரே ஒரு கட்டம் இருந்தால், ‘நடந்தது: காயமில்லை. நடந்திருக்கக்கூடியது: உயிரிழப்பு’ என்று இரண்டையும் அதிலேயே எழுதிவிடுங்கள். ஒரே கட்டம் இருக்கும்போது ‘காயமில்லை’ என்று மட்டும் எழுதினால், ரிப்போர்ட்டைத் தரம் பிரிக்கும்போது அது தானாகவே கீழே போய்விடும். அதை மேலாளர் கண்ணிலேயே காட்ட மாட்டார்கள்.

எதைக் கேட்பது

‘தக்க நடவடிக்கை எடுக்கவும்’ என்று முடிக்காதீர்கள். அது எதிரில் இருப்பவரை யோசிக்கச் சொல்கிறது. நேரம் இல்லாதவருக்கு எது முதலில் தோன்றும்? பயிற்சி, போஸ்டர், டூல்பாக்ஸ் டாக். இவை மூன்றும் அடுத்த ஷிஃப்டில் வரும் புது ஆளுக்குத் தெரியாது, இரவு வேலையில் களைத்துப்போன பழைய ஆளுக்கு நினைவிருக்காது. இரும்புத் தகட்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அது இரவிலும் அங்கேயே இருக்கும்.

கேட்பதில் ஒரு வரிசை வேண்டும். ஆபத்தையே அங்கிருந்து எடுக்க முடியுமா என்பது முதல். நடைபாதையையே வேறு பக்கம் நிரந்தரமாக மாற்ற முடிந்தால் அதுதான் சிறந்தது. முடியாவிட்டால் ஆள் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லாத தடுப்பு, அதாவது டோ போர்டு. அதற்கும் கீழேதான் கருவிக்குக் கயிறு கட்டுவது, வேலையின்போது பாரிகேட் போடுவது போன்ற பழக்கங்கள் வரும். எச்சரிக்கைப் பலகையும் அறிவுரையும் கடைசி.

டோ போர்டுக்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதியில் அதன் குறைந்தபட்ச உயரம் 3.5 அங்குலம், கிட்டத்தட்ட 9 செ.மீ. உருளும், சறுக்கும் கருவிகளை அது நிறுத்தும். ஆனால் போல்ட்டும் நட்டும் கிரேட்டிங் கண்கள் வழியாகவே கீழே போய்விடும், டோ போர்டு அதற்கு ஒன்றும் செய்யாது. ஃபிளாஞ்ச் கழற்றும் வேலை என்பதால், மேடையில் விரிப்பு போட்டு வேலை செய்வதையும் சேர்த்துக் கேட்கலாம். கையிலிருந்தே நழுவி ஹேண்ட்ரெயிலுக்கு வெளியே போகும் கருவியையும் டோ போர்டு தடுக்காது, அதற்குத்தான் கயிறு. இதையெல்லாம் நீங்களே ரிப்போர்ட்டில் சொல்லிவிட்டால், ‘டோ போர்டு போட்டாலும் விழத்தானே செய்யும்’ என்று யாரும் கோரிக்கையையே தள்ளிவிட முடியாது.

ஒரு சொல்லை மட்டும் விடாமல் சேருங்கள்: ‘அல்லது அதே பாதுகாப்பைத் தரும் வேறு ஏற்பாடு’. டிசைன் பார்ப்பவருக்கு உங்களைவிட நல்ல வழி தெரிந்திருக்கலாம். வேலையை எப்படிச் செய்வது என்று அவர் முடிவு செய்யட்டும். செய்யாமல் இருப்பதற்கு மட்டும் வழி விடாதீர்கள்.

கூட இருந்தவரைப் பற்றி

மாதிரியில் மெக்கானிக்கின் பெயர் இல்லை. ஆனால் ரெஞ்ச் கிரேட்டிங் மேல் வைக்கப்பட்டிருந்தது என்பதும் காலில் பட்டது என்பதும் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. மறைத்தால் ரெஞ்ச் எப்படி விளிம்புக்குப் போனது என்று விளங்காது, விசாரிக்க வருபவர் நீங்கள் எதையோ மூடுகிறீர்கள் என்று நினைப்பார். நடந்த செயல் அப்படியே இருக்கட்டும், அதற்கு மதிப்பெண் போடும் சொற்கள் மட்டும் வேண்டாம். ‘கவனக்குறைவாக’, ‘அலட்சியமாக’, ‘விதியை மீறி’ போன்றவற்றை எடுத்துவிட்டாலே பாதிப் பழி குறைந்துவிடும். அந்த மேடையில் கருவி வைக்க வேறு இடம் இருந்ததா என்றும் பார்த்து எழுதுங்கள். டூல் பேக் மாட்ட ஒரு கொக்கிகூட இல்லையென்றால், அங்கே வேலை செய்யும் யாரும் கிரேட்டிங் மேல்தான் வைப்பார்கள். அந்த ஒரு வரி, பேச்சை ஆளிடமிருந்து மேடைக்குத் திருப்பிவிடும்.

எழுதியதை அவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். அவர் முதுகுக்குப் பின்னால் போன ரிப்போர்ட் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், அந்தக் குழுவிலிருந்து அடுத்த ரிப்போர்ட் வராது.

பெயரில்லாமல் கொடுக்கலாமா என்றால், பழிவாங்கும் இடமாக இருந்தால் கொடுங்கள். ஆனால் சந்தேகம் கேட்கவோ, முடிவைச் சொல்லவோ ஆள் இருக்காது என்பதால் அப்படிப்பட்டவை சீக்கிரம் கிடப்பில் விழும். பெயர் தெரிந்த ஒருவர், பெயரை வெளியே விடாமல் கையாள்வதுதான் நன்றாக நடக்கும். அமெரிக்காவில் விமானிகளின் நியர் மிஸ்களை வாங்கும் ஏ.எஸ்.ஆர்.எஸ். அப்படித்தான் இயங்குகிறது. அதை நடத்துவது விதி போட்டுத் தண்டிக்கும் விமானத் துறை அல்ல, நாசா. எழுதியவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டு, அடையாளத்தை நீக்கிவிட்டுத்தான் பதிவு செய்கிறார்கள். வேண்டுமென்றே செய்யாத மீறலை 10 நாளுக்குள் எழுதிக் கொடுத்தவருக்குத் தண்டனையிலிருந்து பாதுகாப்பும் உண்டு.

யார் கைக்குப் போகிறது

ஏ.எஸ்.ஆர்.எஸ். பிறந்த கதை உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிறது. 1974 டிசம்பர் 1 அன்று டி.டபிள்யூ.ஏ. 514 என்ற விமானம் வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வந்தபோது வெர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதியது. 92 பேரும் இறந்தார்கள். இறங்க அனுமதி கிடைத்துவிட்டால் எந்த உயரம் வரை உடனே தாழலாம் என்பதில் விமானிகள் ஒன்றையும் கட்டுப்பாட்டாளர்கள் வேறொன்றையும் புரிந்துகொண்டிருந்தார்கள். ஆறு வாரங்களுக்கு முன்னால் யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே குழப்பத்தில், அதே இடத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் ரிப்போர்ட் கொடுத்தார்கள். யுனைடெட் தன் விமானிகளை எச்சரித்தது. ஆனால் வேறு நிறுவனங்களுக்கு அந்தச் செய்தியைக் கொண்டுபோக அப்போது வழி இல்லை. அதன் பிறகுதான் 1976-இல் ஏ.எஸ்.ஆர்.எஸ். வந்தது.

எழுதியவர்கள் சரியாகவே எழுதினார்கள், ஆனால் அந்த மலைப்பக்கம் அடுத்து வரப்போகிறவரின் கைக்கு அது போகவில்லை. உங்கள் பிளாண்டில் ஃபார்ம் சேஃப்டி ஆபீசுக்குப் போகும். ஆனால் டோ போர்டைப் போடச் சொல்லிக் காசு ஒதுக்கும் அதிகாரம் பெரும்பாலும் அந்த ஏரியாவின் மேலாளரிடமோ மெயின்டனன்ஸ் தலைவரிடமோ இருக்கும். யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவருக்கும் ஒரு நகல் போகும்படி பாருங்கள். அதே மேடையில் ஏறும் கான்ட்ராக்டர் ஆட்களுக்கும், கீழே நடக்கும் மற்றத் துறையினருக்கும் சொல்ல வேண்டும் என்று கோரிக்கையிலேயே சேருங்கள். கீழே நடக்கும் 46 பேரில் பாதிப் பேர் உங்கள் துறையாக இருக்க மாட்டார்கள்.

கொடுத்த பிறகு

மூடிய ரிப்போர்ட்டை மறுபடி திறக்கக் கேட்பதில் தவறில்லை. பழைய எண்ணைக் குறிப்பிட்டு, ‘சம்பவத்துக்குக் காரணமான சந்து இன்றும் திறந்திருக்கிறது, போட்டோ இணைத்திருக்கிறேன், மேலே கண்டபடி நடவடிக்கை கேட்கிறேன்’ என்று எழுதினால் போதும். முன்பு மூடியவரைக் குறை சொல்ல ஒரு வரிகூட வேண்டாம். அவருக்கு அப்போது கிடைக்காத தகவல் இப்போது கிடைக்கிறது, அந்தத் தொனியிலேயே எழுதுங்கள்.

அடுத்து வரும் பதில் பெரும்பாலும் ‘ஒர்க் ஆர்டர் போட்டாயிற்று’ என்பதாக இருக்கும். அதோடு ரிப்போர்ட்டை மூடிவிடுவதுதான் பல இடங்களில் வழக்கம். ஒர்க் ஆர்டர் வரிசையில் மாதக்கணக்கில் கிடக்கும், ரிப்போர்ட் கணக்கில் எல்லாம் முடிந்ததாக இருக்கும். ஒர்க் ஆர்டர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்து, போட்டோ வந்த பிறகே ரிப்போர்ட்டை மூட வேண்டும் என்று கோரிக்கையில் எழுதுங்கள். தேதி தாண்டினால் அடுத்த நாளே ஒரு வரியில் கேளுங்கள்: ‘7 நாள் முடிந்தது, சந்து திறந்திருக்கிறது, பாரிகேட் இருக்கிறதா இல்லையா என்று இன்று பார்த்தேன்.’ இடைக்கால பாரிகேடைப் பற்றி ஒவ்வொரு முறையும் சொல்வது முக்கியம், ஏனென்றால் முதலில் காணாமல் போவது அதுதான். சுற்றி நடப்பது எரிச்சலாக இருக்கிறது என்று யாரோ ஒருவர் டேப்பை அவிழ்த்துவிடுவார், பிறகு எல்லோரும் பழைய வழியிலேயே போவார்கள்.

‘இப்போது பட்ஜெட் இல்லை’ என்று வரலாம். அதுவும் ஒரு முடிவுதான். வாய்ப்பேச்சாக விட்டுவிடாமல் எழுத்தில் கேளுங்கள். எந்தத் தேதி வரை தள்ளிவைக்கப்படுகிறது, அதுவரை நடைபாதை அடைபட்டிருக்குமா, இந்த முடிவை எடுத்தவர் யார் என்று மூன்றையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். உயிரிழப்பு என்று எழுதிய காகிதத்தில் தன் பெயரைப் போட வேண்டி வரும்போது, ஒரு இரும்புத் தகட்டுக்கும் ஒரு வெல்டரின் அரை நாள் வேலைக்கும் காசு கிடைத்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

சரிசெய்தாயிற்று என்று செய்தி வந்ததும் அதே டேப்போடு மேலே ஏறுங்கள். போட்ட தகட்டின் உயரம் மற்ற இடங்களில் உள்ள 10 செ.மீ.க்குச் சமமா, பைப்பைச் சுற்றி மிச்சமிருக்கும் இடைவெளியில் ரெஞ்சின் கைப்பிடி நுழைகிறதா, காலால் தள்ளினால் தகடு அசைகிறதா என்று பாருங்கள். ஆனால் வெல்டிங் செய்தார்களா, வெறும் கம்பியால் கட்டிவிட்டுப் போனார்களா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கம்பியால் கட்டியிருந்தால், முதல் போட்டோவை எடுத்த அதே கோணத்தில் இன்னொன்றை எடுத்து, ரிப்போர்ட்டைத் திறந்தே வைக்கச் சொல்லுங்கள்.